எதிர்பார்க்கும் எண்ணின் அழகு

கார்ல் பியர்சன் 1900-இல் வகுத்த கை-வர்க்கச் சோதனையின் அழகு, உண்மையில் இல்லாத ஓர் அட்டவணையை அது முதலில் கட்டி எழுப்புவதில் இருக்கிறது. முப்பது வயதுக்குட்பட்ட 100 பேரிடமும் ஐம்பதைக் கடந்த 100 பேரிடமும் செய்திக்கு முதன்மையாக எதை நாடுகிறார்கள் என்று கேட்டதில், நாளிதழை இளையோரில் 10 பேரும் மூத்தோரில் 30 பேரும், தொலைக்காட்சியை முறையே 30, 40 பேரும், கைப்பேசியை 60, 30 பேரும் குறித்ததாகக் கொள்வோம். வயதுக்கும் விருப்பத்துக்கும் தொடர்பே இல்லையெனில், நாளிதழைக் குறித்த 40 பேர் இரு பிரிவிலும் இருபது இருபதாகப் பிரிந்திருப்பர். இதுவே எதிர்பார்க்கும் அலைவெண். ஒவ்வொரு கட்டத்திலும் கிடைத்த எண்ணுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, எதிர்பார்க்கும் எண்ணால் வகுத்துக் கூட்டினால் 21.43 வருகிறது.

தாமாக மாறக்கூடிய கட்டங்களின் எண்ணிக்கையான கட்டின்மைக் கூறு இங்கே 2. அதற்கு 5 விழுக்காட்டு மட்டத்தில் எல்லை 5.99 என்பதால், இவ்வேறுபாட்டைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது. ஆயினும் அக்கூட்டுத்தொகையைப் பிரித்துப் பார்ப்பதே இன்னும் சுவையானது: நாளிதழும் கைப்பேசியும் தலா 10 தர, தொலைக்காட்சி தருவது 1.43 மட்டுமே, தலைமுறைகள் அங்கே பெரிதும் விலகவில்லை.

ஒருவரே இரண்டு ஊடகங்களைக் குறிக்க வினாத்தாள் இடமளித்திருந்தால், ஒரே ஆள் இரு கட்டங்களில் எண்ணப்பட்டு, இக்கணக்கு முழுவதும் பொருளிழக்கும். அட்டவணையின் மொத்தம் 200-ஐத் தாண்டுவதே அதற்கான அடையாளம்.