நூறு சொல்லும் மாதத் தேர்வும்

நாள்தோறும் ஒரு தலைப்பு, குறைந்தது நூறு சொல், மாத முடிவில் சிறந்ததாக ஒரே ஒரு படைப்பு. எழுத்துப் பயிற்சிக் குழுக்கள் கைக்கொள்ளும் இந்த முறையில் நூறு சொல் விதி எழுதுபவரை வளர்க்கிறது. மாதத் தேர்வோ, வழக்கமாக நடக்கும் விதத்தில், அந்த வளர்ச்சியைப் பாதியில் நிறுத்திவிடுகிறது.

'மழை விட்ட பிறகு' என்று தலைப்பு வந்ததாக வைத்துக்கொள்வோம். மண்வாசனை, சூடான தேநீர், ஜன்னல் கம்பியில் தொங்கும் துளி என்று எழுதி முடித்து எண்ணினால் நாற்பது சொல் தேறாது. விதி வேலை செய்யத் தொடங்குவது அங்கேதான். மீதி அறுபதுக்கு எழுதுபவர் தெருவில் இறங்கியாக வேண்டும். அங்கே இஸ்திரி வண்டிக்காரர் தார்ப்பாயில் தேங்கிய நீரைக் கம்பால் தள்ளிவிட்டு, நனையாத கரியைத் தனியே பொறுக்குகிறார். மாலைக்குள் சட்டை கேட்ட வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கிறார். பொதுவான மழை போய், ஒரு மனிதருக்கு நேர்ந்த மழை வந்துவிடுகிறது.

ஆனால் தெருவில் இறங்காமலே நூற்றைத் தொடவும் வழி உண்டு. சொல்லெண்ணிக்கை இடைவெளியை வைத்தே நடக்கிறது. 'காத்துக்கொண்டிருந்தவரை' என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல். 'காத்துக் கொண்டு இருந்தவரை' என்று பிரித்தால் மூன்று. 'மிகவும்', 'உண்மையிலேயே' போன்றவையும் கைகொடுக்கும். ஒரு வாக்கியத்தை மறைத்துவிட்டுப் படித்தால் இது தெரிந்துவிடும்: அடுத்த வாக்கியம் தடுமாறாமல் நின்றால், மறைத்தது வெறும் நிரப்பல்.

மாதத் தேர்வின் சிக்கல் வேறு வகை. சென்னையில் 1970இல் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை' அமைப்பும் மாதம் ஒரு சிறுகதையைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அது இதழ்களில் வெளியான, அதாவது ஆசிரியர் ஒருவரின் பார்வையைக் கடந்துவந்த கதைகளிலிருந்து எடுத்தது. தினப்பயிற்சியில் தேர்வுக்கு வருபவை அன்றன்று எழுதிய முதல் வரைவுகள். முப்பது தலைப்பில் எழுதியவற்றை ஒன்றாக வைத்துப் படிக்கும் நடுவரின் கண்ணில், கடைசி வரியில் திருப்பம் வைத்தது சட்டென்று படும். இஸ்திரிக்காரரின் கரியை நிதானமாகப் பார்த்தது பின்னுக்குப் போகும். அடுத்த மாதம் பலரும் திருப்பத்தை முதலில் யோசித்துவிட்டு அதற்கேற்பக் கதை கட்டுவார்கள். பயிற்சி போட்டியாக மாறும் இடம் அது.

தேர்வைக் கைவிட வேண்டியதில்லை. அதன் இடத்தை மாற்றினால் போதும். மாதத்தின் கடைசி ஐந்து நாள் தலைப்பு தர வேண்டாம். ஒவ்வொருவரும் தாம் எழுதியவற்றில் ஒன்றை எடுத்துத் திருத்தட்டும். அப்போது நூறு என்ற வரம்பும் வேண்டாம், அறுபதாகச் சுருங்கினாலும் சரி. நடுவர் முதல் வரைவையும் திருத்தியதையும் அருகருகே வைத்துப் படித்து, எந்த மாற்றம் அந்தப் படைப்பை உயர்த்தியது என்று ஒரு பத்தி எழுதட்டும். தேர்வு பெறாதவரும் அந்தப் பத்தியை வைத்துத் தம் வரைவைத் திருத்திக்கொள்ள முடியும்.