பரிமாணச் சோதனை எதைப் பிடிக்கும், எதைக் கோட்டைவிடும்?

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் தொடக்கத்திலேயே பரிமாணப் பகுப்பாய்வு வந்துவிடுகிறது. s = ut + ½at² என்ற சமன்பாட்டின் இரு பக்கமும் நீளம்தான் என்று காட்டிவிட்டு அந்தப் பாடம் முடிகிறது. பிறகு விசையும் ஆற்றலும் வரும்போது, தீர்த்த கணக்குகளில் பெரும்பாலும் கடைசி வரியில் மட்டும் ஓர் அலகு ஒட்டிக்கொண்டிருக்கும். சரியென்று ஏற்கெனவே தெரிந்த சமன்பாட்டில் செய்துகாட்டும் சோதனையால், தவறைத் தேடும் பழக்கம் மாணவருக்கு வருவதில்லை. தவறாகப் போன கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் இந்தக் கருவியின் பலமும் பலவீனமும் தெரியும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். செங்குத்தாக நிற்கும் சுருள்வில்லின் மேல்முனையிலிருந்து 0.5 மீட்டர் உயரத்தில் 2 கிலோகிராம் கட்டை ஒன்றை விடுகிறோம். வில்லின் மாறிலி k மீட்டருக்கு 400 நியூட்டன். g-ஐ 10 என்று கொள்ளலாம். வில் அதிகபட்சம் எவ்வளவு அமுங்கும்? கட்டை மொத்தம் h + x தூரம் இறங்குகிறது. ஆகவே mg(h + x) = ½kx². இந்த இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால்,

x = [mg + √((mg)² + 2kmgh)] / k

மாணவர் அடுத்த வரியில் mg-ஐ வர்க்கமூலத்துக்கு வெளியே எடுக்கிறார்; அவசரத்தில் x = (mg/k)[1 + √(1 + 2kh)] என்று எழுதிவிடுகிறார். பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் k என்பது மீட்டருக்கு நியூட்டன், h மீட்டர். எனவே 2kh நியூட்டன். அதை அலகே இல்லாத 1-உடன் கூட்ட முடியாது. ஒரு வரி மேலே போனால் (mg)², 2kmgh இரண்டுமே நியூட்டனின் வர்க்கம், அங்கே குறையில்லை. ஆகவே பிழை இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் நடந்திருக்கிறது. இருக்க வேண்டியது 2kh/mg. விடைப்பட்டியலைப் பார்ப்பவருக்கு விடை தவறு என்பது மட்டும் தெரியும். இந்தச் சோதனையோ எந்த வரியில் தவறு என்பதையே சொல்லிவிடுகிறது. என் கணிப்பில் இதன் பெரிய பலம் இதுதான். அதனால் கூட்டல் குறி வரும் ஒவ்வொரு இடத்திலும் இதைச் செய்ய வேண்டும். முடிவில் ஒருமுறை செய்தால் பாதிப் பயன் போய்விடும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எழுத்துகள் எழுத்துகளாகவே இருக்க வேண்டும். முதல் வரியிலேயே எண்களைப் போட்டு 20(0.5 + x) = 200x² என்று எழுதிவிட்டால் 20 என்பது எடையா வேறெதுவா என்ற தடயமே இல்லை. நம் வகுப்பறைகளில் எண்களை உடனே பிரதியிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. மாணவரிடமிருந்து இந்தக் கருவியைப் பறிப்பது அந்த வழக்கம்தான்.

எண்களைப் போடும்போது வேறொரு சோதனை தேவைப்படுகிறது. கணக்கில் k-ஐச் சென்டிமீட்டருக்கு 4 நியூட்டன் என்று கொடுத்திருந்து, மாணவர் வெறும் 4-ஐப் பிரதியிட்டால் பரிமாணம் எதுவும் சொல்லாது. இரண்டுமே விசையை நீளத்தால் வகுத்தவைதான். விடை சுமார் 10.5 மீட்டர் என்று வரும். அரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த கட்டை வில்லைப் பத்து மீட்டர் அமுக்காது என்று யோசிப்பவர் தப்பித்துக்கொள்வார். எண்ணோடு அலகையும் எழுதியிருந்தால் அந்த யோசனைக்கே தேவை இருந்திருக்காது. 1999-இல் நாசாவின் மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் அழிந்ததும் இந்த வகைப் பிழையால்தான். கணத்தாக்கை ஒரு தரப்பு பவுண்டு-விசை நொடியில் கொடுத்தது, மறுதரப்பு நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது. பரிமாணம் ஒன்றேதான், எண்தான் ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபட்டது.

இனி, சோதனை கோட்டைவிடும் இடம். வில் அமுங்கும்போதும் கட்டை இறங்குகிறது என்பதை மறந்து mgh = ½kx² என்று தொடங்கினால் விடை √(2mgh/k), அதாவது 0.22 மீட்டர். சரியான விடை 0.28 மீட்டர். பரிமாணம் அப்பழுக்கில்லாமல் இருக்கிறது, இயற்பியல்தான் தவறு. ½ விட்டுப்போனாலும், சாய்தளக் கணக்கில் சைனுக்குப் பதில் கொசைன் வந்தாலும், குறி மாறினாலும் இதே கதைதான். பரிமாணம் ஒத்துப்போகாவிட்டால் விடை நிச்சயம் தவறு. ஒத்துப்போவதால் மட்டும் அது சரியாகிவிடாது. இந்த ஒருவழித்தன்மையை வகுப்பில் அழுத்திச் சொல்லாததால், சோதனை செய்யும் மாணவர்கூட முதல் வரியில் நடந்த பிழையைச் சந்தேகிப்பதில்லை.

அந்தப் பிழையைப் பிடிக்க h = 0 என்று வைத்துப் பார்க்கலாம். √(2mgh/k) சுழி ஆகிவிடுகிறது. வில்லின் மேல் கட்டையை வைத்துவிட்டால் அது அமுங்கவே அமுங்காது என்கிறது. நடக்காத காரியம். ½ விட்டுப்போன கணக்கோ h = 0 எனும்போது mg/k தருகிறது; மாணவர் இங்கே ஏமாற வாய்ப்பு அதிகம். எடையும் வில்லின் விசையும் சமமாகும் இடம் அதுதானே என்று அவருக்குத் தோன்றும். ஆனால் கையை விட்டதும் கட்டை அந்த இடத்தை வேகத்தோடு கடக்கிறது. இன்னும் அவ்வளவே தூரம் இறங்கி, 2mg/k அமுங்கிய பிறகுதான் ஒரு கணம் நிற்கிறது.