முழு விடையும் குறை விடையும்

கொடுக்கப்பட்ட நான்கு விடைகளுள் ஒன்றையே தெரிந்தெடுக்கச் சொல்லும் வினாவுக்கும், சரியானவை எத்தனையோ அத்தனையையும் தெரிந்தெடுக்கச் சொல்லும் வினாவுக்கும் உள்ள பேதம் மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்க்கு அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் முன்னதில் ஒரு விடை சரியென்று நிச்சயமானவுடன் ஏனைய மூன்றையும் படியாமலே விட்டுவிடலாம் என்பதையும், பின்னதில் ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்து, இது மெய், இது பொய் என்று நான்கு முறை தீர்ப்புச் சொல்லியாக வேண்டும் என்பதையும் நினைத்தால், இரண்டும் வெவ்வேறு ஜாதியைச் சேர்ந்த பரீட்சைகள் என்பது விளங்கும். குருட்டாம்போக்கில் விடை குறிப்பவனுக்கு முன்னதில் நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பின்னதிலோ, நான்கு விடைகளிலிருந்து அமைக்கக்கூடிய தொகுதிகள் பதினைந்து ஆகையால், பதினைந்தில் ஒன்றுதான். இவ்வளவு குணம் வாய்ந்த முறை நடைமுறையில் ஏன் பலருக்கு மனக்குறையைத் தருகிறது என்பதே இங்கு ஆராயத்தக்க விஷயம்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு வினாவை எடுத்துக்கொண்டு பார்ப்பது நலம். பென்னாகரத்து இளைஞர் ஒருவர் அரசுத் தேர்வில் சந்திக்கக்கூடிய வினாவாக இதைக் கொள்வோம். பின்வருவனவற்றுள் சரியான கூற்றுகள் யாவை? (அ) தருமபுரி மாவட்டம் 1965ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. (ஆ) ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முக்கிய நோக்கம், நிலத்தடி நீரில் மிகுந்திருக்கும் புளோரைடால் விளையும் நோயைத் தடுப்பது. (இ) சுப்பிரமணிய சிவா 1925ஆம் ஆண்டில் பாப்பாரப்பட்டியில் காலமானார். (ஈ) காவிரியின் போக்கில் ஒகேனக்கல் மேட்டூர் அணைக்குக் கீழே அமைந்துள்ளது. முதல் மூன்றும் மெய். நான்காவது பொய், ஏனெனில் ஒகேனக்கல்லில் விழுந்தோடும் நீரே பின்னர் மேட்டூர் நீர்த்தேக்கத்தை அடைகிறது.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் கொள்குறி வினாத்தாள்களில் இத்தகைய வினா பெரும்பாலும் நேராகக் கேட்கப்படுவதில்லை. ‘அ, ஆ, இ’, ‘ஆ, இ, ஈ’, ‘அ, இ, ஈ’, ‘அ, ஆ, ஈ’ என்பதுபோல் தொகுதிகளையே நான்கு விடைகளாக்கி, அவற்றுள் ஒன்றைக் குறிக்கச் சொல்வார்கள். திருத்தும் இயந்திரத்துக்கு ஒரே வட்டம் நிரம்பியிருந்தால் போதும் என்ற சௌகரியத்துக்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. ஆனால் இதில் வினாவின் உயிரே போய்விடுகிறது. பென்னாகரத்தில் பிறந்து வளர்ந்தவர் எவருக்கும், ஒகேனக்கல் நீர் மேட்டூருக்குப் போகிறதேயன்றி மேட்டூர் நீர் ஒகேனக்கல்லுக்கு வருவதில்லை என்பது ஏட்டைத் தொடாமலே தெரியும். அந்த ஒன்று தெரிந்த மாத்திரத்தில் ‘ஈ’ அடங்கிய மூன்று தொகுதிகளும் கழிந்துபோக, மீதமுள்ள ஒன்றே விடையாகிறது. மாவட்டம் பிரிந்த ஆண்டும், குடிநீர்த் திட்டத்தின் காரணமும், சிவா மறைந்த இடமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நான்கு தீர்ப்புகளைக் கேட்பதாகப் பாவனை செய்யும் வினா, உண்மையில் ஒரு தீர்ப்பை மட்டும் வாங்கிக்கொண்டு முழு மதிப்பெண்ணையும் கொடுத்துவிடுகிறது.

இந்த தோஷத்துக்குப் பரிகாரம் தேடியவர்களும் உண்டு. இந்திய ஆட்சிப் பணி முதலியவற்றுக்கான மத்தியத் தேர்வாணையத்தின் 2023ஆம் ஆண்டு முதனிலைத் தேர்வில், சரியான கூற்றுகள் எவை என்று கேளாமல், அவை எத்தனை என்று கேட்கும் வினாக்கள் மிகுதியாக இடம்பெற்றன. ஒரு கூற்றைப் பொய்யென்று கண்டு பிறவற்றைக் கழித்துவிடும் யுக்தி அங்கே பலிக்காது என்பது மெய்யே. ஆயினும் நம்முடைய வினாவையே அவ்விதம் கேட்டால், ‘அ’ பொய்யென்றும் ‘ஈ’ மெய்யென்றும் இரட்டைத் தவறு செய்தவரும் ‘மூன்று’ என்று குறித்து முழு மதிப்பெண் பெறுவார். ஒரே தவறு செய்தவர் பெறமாட்டார். இலங்கையின் உயர்தர இரசாயனவியல் வினாத்தாளில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறை இன்னொரு விதமானது. அங்கு நான்கு கூற்றுகளை வட்டமாக நிறுத்தினால் அடுத்தடுத்து வரும் நான்கு இணைகளுக்கு நான்கு எண்களையும், வேறெந்தச் சேர்க்கைக்கும் ஐந்து என்ற எண்ணையும் வைத்திருக்கிறார்கள். பதினைந்து தொகுதிகளில் பதினொன்று அந்த ஐந்தாம் எண்ணுக்குள்ளே அடைபடுவதால், நம் வினாவில் முதல் மூன்றும் சரியென்று அறிந்தவரும், ‘ஆ’ ஒன்றே சரியென்று பிழைபட எண்ணியவரும் அங்கே ஒரே வட்டத்தை நிரப்பி ஒரே பயனை அடைவார்கள்.

ஆகவே, தேர்வரே தமக்குச் சரியென்று பட்ட விடைகளையெல்லாம் குறிக்கட்டும் என்று நேராகக் கேட்பதுதான் நேர்மையான வழி. ஆனால் அப்படிக் குறித்ததற்கு எவ்விதம் மதிப்பெண் இடுவது என்பதில் புதிய சிக்கல் தோன்றுகிறது. பொறியியல் முதுகலைச் சேர்க்கைக்கான ‘கேட்’ தேர்வில் 2021ஆம் ஆண்டு இவ்வகை வினா புகுத்தப்பட்டபோது, தொகுதி முழுவதும் சரியாக இருந்தால் முழு மதிப்பெண், இல்லையேல் சூனியம், தவறுக்குக் கழிவு இல்லை என்று விதித்தார்கள். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கான ‘ஜே.இ.இ. அட்வான்ஸ்டு’ தேர்விலோ 2018ஆம் ஆண்டில் வேறொரு விதி வழங்கியது. முழுத் தொகுதிக்கு நான்கு. தவறான விடை ஒன்றும் கலவாமல் சரியானவற்றுள் சிலவற்றை மட்டும் குறித்திருந்தால், குறித்த சரியான விடைக்கு ஒன்றாக மூன்றோ இரண்டோ ஒன்றோ. தவறான விடை ஒன்று கலந்தாலும் இரண்டு மதிப்பெண் கழிவு.

இவ்விரு விதிகளையும் நம் வினாவின்மேல் பிரயோகித்துப் பார்ப்போம். முதலாமவருக்கு ‘அ’, ‘ஆ’ இரண்டும் மெய்யென்றும் ‘ஈ’ பொய்யென்றும் தெரியும். ‘இ’யில் சந்தேகம் இருப்பதால் அதைக் குறியாமல் விட்டார். இரண்டாமவர் முதல் மூன்றையும் செவ்வையாக அறிந்தவர். அணையும் அருவியும் மட்டும் இடம் மாறிப்போக, நான்கையும் குறித்துவிட்டார். ‘கேட்’ விதிப்படி இருவருக்கும் சூனியம். ஒன்றுமறியாது வெறுந்தாளைக் கொடுத்தவருக்கும் அதே சூனியம். ‘ஜே.இ.இ.’ விதிப்படி முதலாமவர் இரண்டு மதிப்பெண் பெறுகிறார், இரண்டாமவர் இரண்டு இழக்கிறார். நான்கில் மூன்றைச் சரியாகத் தீர்மானித்தவர்கள் இருவரும். ஆயினும் ஒருவர் வெறுந்தாளுக்கு மேலும், ஒருவர் அதற்குக் கீழும் நிற்கிறார்கள். பொய்யை மெய்யென்று நாட்டுவது, மெய்யைச் சொல்லாமல் விடுவதைக் காட்டிலும் பெரிய குற்றம் என்பது இவ்விதியின் உட்கிடை. கொடுக்கத் தகாத மருந்தைக் கொடுப்பது போலவே, கொடுக்க வேண்டிய மருந்தைக் கொடாமல் விடுவதும் நோயாளியைக் கொல்லும் ஆகையால், அந்த உட்கிடையை எங்கும் செல்லுபடியாகும் நியாயம் என்று ஒப்புக்கொள்வதற்கில்லை.

இதைவிட நுட்பமான குறை ஒன்று உண்டு. மூன்று விடைகளில் நிச்சயமும் ஒன்றில் மட்டும் சந்தேகமும் கொண்ட தேர்வர், அந்தச் சந்தேக விடையைக் குறிப்பதா விடுவதா என்று ஆலோசிக்கும் நிலையை எண்ணுக. ‘கேட்’ தேர்வில் அது மெய்யாயிருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பிருந்தால் குறிப்பதே லாபம். ‘ஜே.இ.இ.’ தேர்வில் கணக்கு வேறு. நிச்சயமான சரியான விடைகள் இரண்டாக இருந்து, சந்தேக விடை மெய்யாயிருக்கும் வாய்ப்பு p என்று வைத்துக்கொண்டால், குறிப்பதால் எதிர்பார்க்கத்தக்க பலன் 6p − 2; விடுவதால் கிடைப்பது 4 − 2p; இரண்டும் சமமாவது p = 3/4 என்னுமிடத்தில். நிச்சயமான சரியான விடை ஒன்றே என்றால் இந்த எல்லை 2/3 ஆகத் தாழ்கிறது. மூன்று என்றால் 6/7 ஆக உயர்கிறது. ஒரே அளவு சந்தேகமுடைய ஒரே தேர்வர், ஓரிடத்தில் துணியவும் மற்றோரிடத்தில் அடங்கவும் வேண்டியவராகிறார். இந்தக் கணக்கைப் பயிற்சி நிலையத்தில் பழகியவருக்கும் பழகாதவருக்கும் பாட அறிவில் வேற்றுமை இல்லாதபோதும் மதிப்பெண்ணில் வேற்றுமை உண்டாகிவிடுகிறது.

இந்தக் குழப்பம் அனைத்துக்கும் மூலம், குறிக்கப்படாத வட்டம் இரண்டு பொருளைத் தாங்கி நிற்பதே. ‘இது பொய்யென்று அறிவேன்’ என்பதும், ‘இதைப் பற்றி ஒன்றும் அறியேன்’ என்பதும் தாளின்மேல் ஒரேவிதமான வெறுமையாகத் தோன்றுகின்றன. நம் மாநிலத் தேர்வாணையம் ‘விடை தெரியவில்லை’ என்பதற்கு ஐந்தாவதாக ஒரு வட்டத்தை வைத்திருக்கிறது. எனினும் அது வினா முழுமைக்கும் உரியது, ஒவ்வொரு கூற்றுக்கும் உரியதன்று. ஒவ்வொரு கூற்றுக்கும் நேரே ‘சரி’, ‘தவறு’ என இரண்டு வட்டங்கள் வைத்து, சரியான தீர்ப்புக்கு ஒன்று, தவறான தீர்ப்புக்கு ஒன்று கழிவு, இரண்டையும் விட்டால் சூனியம் என்று விதித்தால், நம்முடைய முதலாமவர் மூன்று மதிப்பெண்ணும், இரண்டாமவர் மூன்றில் ஒன்று கழிந்து இரண்டும் பெறுவர். கண்ணை மூடிக்கொண்டு நிரப்புபவருக்குச் சராசரியில் ஒன்றும் மிஞ்சாது. துணிவதற்கான எல்லையும் எங்கும் பாதியாகவே நிற்பதால் யுக்திக் கணக்குக்கு இடமில்லை. வினா ஒன்றுக்குச் செலவாகும் நேரம் கூடும் என்பதும், இரண்டு பொருள்படும் கூற்றை எழுதும் வினாக்காரரின் அஜாக்கிரதை அதிகம் வெளிப்பட்டுவிடும் என்பதும் இதற்குரிய விலை. பின்னது வினாக்காரருக்குக் கஷ்டமேயன்றி முறைக்குக் குறையாகாது.

அப்படியானால் முழுமை அல்லது சூனியம் என்னும் விதியை எங்கும் தள்ளிவிடலாமா என்றால், அதுவும் நியாயமன்று. மின்கலத்தோடு இணைக்கப்பட்டிருக்கும் மின்தேக்கியின் தகடுகளுக்கிடையே மின்கடத்தாப் பொருள் ஒன்றைச் செருகினால் என்னென்ன நேரும் என்று கேட்டு, மின்னழுத்த வேறுபாடு மாறாது, மின்னூட்டம் மிகும், மின்புலம் குறையும், சேமித்த ஆற்றல் மிகும் என்று நான்கு கூற்றுகளைக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். மின்கலம் இணைந்திருக்கும் வரையில் மின்னழுத்த வேறுபாடு நிலையானது என்ற ஒரே தத்துவத்திலிருந்து நான்கின் உண்மையும் கிளைத்துவிடுகிறது: தகடுகளின் இடைவெளி மாறாமையால் மின்புலமும் மாறாது, தேக்குதிறன் பெருகுவதால் மின்னூட்டமும் ஆற்றலும் பெருகும். இங்கே மின்புலம் குறையுமென்று குறித்தவர், மின்கலத்தை நீக்கிய பின் நிகழ்வதை இதனோடு கலந்துகொண்டவர். அவர் ஏனைய மூன்றைச் சரியாகக் குறித்திருந்தாலும் அது மனப்பாடத்தின் பயனாகவே இருக்கக்கூடும். இத்தகைய வினாவில் முழுத் தொகுதியையே விடையாகக் கோருவது தகும்.

ஆகவே வினாக்காரர் மதிப்பெண் விதியைத் தேர்வு முழுமைக்கும் ஒன்றாக வகுத்துவிடுவதற்கு முன், தாம் எழுதிய நான்கு கூற்றுகளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையா, தனித்தனியே நட்டவையா என்று பார்ப்பது கடமையாகும். ஒரு வேரினவாயின், ஒன்று பிழைத்தால் வேரே பிழைத்ததாகும். சூனியம் கொடுப்பதில் அநீதியில்லை. மாவட்டப் பிரிவினையும், குடிநீரும், தேசபக்தரின் மறைவும், அணையின் இருப்பிடமும் போலத் தொடர்பற்றவையாயின், ஒன்றை மறந்தவர் மற்ற மூன்றை அறியாதவராகிவிடமாட்டார்; அவருக்கு அந்த மூன்றின் பயனையும் கொடுத்தே தீரவேண்டும்.