முந்நூறாவது கிளாஸ்

நைனா, கல்லாவுக்கு அடியில் ஒரு தாள் வைத்திருக்கிறேன், பார். இடது பக்கம் இருப்பது ஒரு டீ கூட விற்காவிட்டாலும் போகிற பணம். நாள் வாடகை 400, மாஸ்டர் கூலி 850, கரண்டும் தண்ணி கேனும் 150, ஆக 1,400. வலது பக்கம் கிளாஸுக்குக் கிளாஸ் கரைவது: பால், தூள், சர்க்கரை, கேஸ் எல்லாம் சேர்த்து 8 ரூபாய். விற்பது 15-க்கு, நிற்பது 7. 1,400-ஐ ஏழால் வகுத்தால் 200 கிளாஸ்.

நீ அங்கேயே நிறுத்திவிடுவாய். விடியற்காலை பாய்லர் பற்றவைக்கிற உனக்கும் கூலி 700 என்று எழுதினேன். கணக்கு 300 கிளாஸுக்குப் போனது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த வரி. பால் விலை ஏறிச் செலவு 9 ஆனால் நிற்பது 6. இப்போது 350 கிளாஸ் விற்க வேண்டும். ஒரு ரூபாய்க்கு ஐம்பது கிளாஸ்! எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் நாளில் அது ஓடிவிடும், ஞாயிற்றுக்கிழமை ஓடாது.

அக்கவுண்ட் டீயைக் காசு வந்த பிறகே எண்ணு. அதன் 8 ரூபாய் அன்றைக்கே போய்விட்டது. திரிந்த பாலை மட்டும் இடது பக்கத்தில் எழுது.