எட்டாமிடமும் கைம்மை அச்சமும்: மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து ஒரு நோக்கு

சோதிட நூல்களைப் பகுத்தறிவுக்கு ஒவ்வாதவை என்று கூறி ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், ஒரு சமூகம் தன் அச்சங்களை எவ்வாறு வகைப்படுத்தி வைத்திருந்தது என்பதை அறிய விரும்புவோர்க்கு அவை பயனுள்ள சான்றுகளாகும். பன்னிரு இடங்களுள் எட்டாமிடமாகிய அட்டமத்தானம் இவ்வகையில் தனித்து ஆராயத்தக்கது. ‘எட்டில் சனி’ என்ற சொல் வாயிலிருந்து வந்ததுமே திருமணப் பேச்சுக்கள் நின்றுபோவதை நாம் அறிவோம். இவ்வச்சத்தின் பிறப்பிடம் எது என்பதே எமது வினா.

மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்து மக்கள் வழங்கும் இரு இடப்பெயர்கள் இதனை விளங்கிக்கொள்ள உதவுகின்றன. வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ளது எழுவான்கரை. மேற்கே உள்ளது படுவான்கரை. சாதகச் சக்கரத்தில் எழுவான் திசையே இலக்கினம், அதாவது முதலிடம். படுவான் திசை ஏழாமிடம். கிழக்கில் தோன்றும் கோள் பன்னிரண்டு, பதினொன்று, பத்து என ஏறி உச்சியை அடைந்து, ஒன்பதுக்கு இறங்கி, எட்டைக் கடந்து மறைகின்றது. ஆகவே எட்டு என்பது படுவான்கரையின் பனைமரங்களுக்குச் சற்று மேலே, பிற்பகல் சாய்ந்த ஞாயிறு நிற்கும் இடமாகும். ஒளி குன்றும் இடம் என்ற இவ்வெளிய அவதானிப்பே அச்சத்தின் முதற்படி எனலாம். கிரேக்கச் சோதிடத்திலும் எட்டாமிடம் செயலற்ற இடமாகவும் சாவின் இடமாகவும் கொள்ளப்பட்டமை இங்கு நோக்கத்தக்கது. யவனர் வழியே இந்தியாவுக்கு வந்த இக்கருத்து எந்தவொரு முனிவரின் தனிக்காட்சியும் அன்று.

எனினும், நூல்கள் எட்டுக்குத் தரும் பொருள் சாவோடு முடிந்துவிடவில்லை. மந்திரேசுவரரின் பலதீபிகை அதற்குப் பன்னிரு பெயர்களைக் கூறுகின்றது. மாங்கல்யம், துளை, அழுக்கு, மனவேதனை, தோல்வி, ஆயுள், துன்பம், பழிச்சொல், மரணம், தூய்மையின்மை, இடையூறு, அடிமை என்பன அவை. மரணம் பன்னிரண்டுள் ஒன்று மட்டுமே. ஏனையவற்றுட் பெரும்பாலானவை சமூகத்தின் அடித்தட்டில் உள்ளோரது வாழ்நிலையைச் சுட்டும் சொற்கள். அடிமைநிலையும் பழிச்சொல்லும் தூய்மையின்மையும் மரணத்தோடு ஒரே வீட்டில் குடியமர்த்தப்பட்டிருப்பது தற்செயலானதன்று. மேல்நிலையில் நின்று சாதகம் பார்த்தவன் எவற்றுக்கெல்லாம் அஞ்சினான் என்பதற்கான பட்டியல் அது.

இதனினும் வியப்புக்குரியது சாத்திரத்தின் உட்கணக்கு. ஓர் இடத்திற்குப் பன்னிரண்டாவது இடம் அதன் செலவு எனக் கொள்வது மரபு. எட்டாமிடமும், எட்டுக்கு எட்டாகிய மூன்றாமிடமும் ஆயுளைத் தருவன. எட்டுக்குப் பன்னிரண்டாவது ஏழு. மூன்றுக்குப் பன்னிரண்டாவது இரண்டு. எனவே கொல்லும் இடங்கள், அதாவது மாரகத்தானங்கள், இரண்டும் ஏழுமே என இலகுபாராசரி வகுக்கின்றது. இரண்டு தனத்துக்கும் குடும்பத்துக்கும் உரியது. ஏழு வாழ்க்கைத்துணைக்கு உரியது. உயிரைக் காப்பது எட்டு. உயிரைச் செலவழிப்பன செல்வமும் மணமும்! சாத்திரம் இவ்வாறிருக்க, மக்கள் அஞ்சுவதோ எட்டுக்கு. நூலுக்கும் வழக்குக்கும் இடையிலான இவ்விலகலுக்குக் காரணம் பெண்சாதகத்திலேயே உள்ளது என்பது எமது கருத்து.

ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தமது பிருகச்சாதகத்தில் பெண்சாதகத்துக்கெனத் தனி அதிகாரம் வகுத்துள்ளார். அதில் பெண்ணின் எட்டாமிடம் அவளது கணவனின் சாவைக் காட்டும் இடமாகின்றது. எட்டில் பாபக்கோள் நின்றால் கைம்மை. இரண்டில் நற்கோள்கள் நின்றால் அவளே முன்னர் இறப்பாள் என்கிறார் அவர். இரண்டாவது விதியைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நற்கோள்கள் அவளுக்கு அளிக்கும் பேறு, கணவனுக்கு முன்னரே சாவது!

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 2023ஆம் ஆண்டு பெப்ரவரியில், ஒரே வேளையில், கடக இலக்கினத்தில் ஓர் ஆண்குழந்தையும் ஒரு பெண்குழந்தையும் பிறந்தன எனக் கொள்க. கடகத்துக்கு எட்டாமிடம் கும்பம். அதன் அதிபதி சனி. திருக்கணிதப்படி அப்பொழுது சனி கும்பத்திலேயே நின்றது. ஆயுட்காரகனாகிய சனி ஆயுள்வீட்டில் ஆட்சியாக இருப்பதால் ஆணுக்கு அது நீண்ட ஆயுள். பெண்ணுக்கோ பாபக்கோள் எட்டில் நிற்பதால் மாங்கல்ய தோசம். கோள் ஒன்று, வீடு ஒன்று, வேளையும் ஒன்று. பலன் மட்டும் இரண்டு. வியாழனின் பார்வை முதலியவற்றால் தோசம் தணியும் என நூலோர் விலக்குக் கூறுவர் என்பது உண்மையே. ஆனால் விலக்குத் தேடும் சுமை பெண்ணைப் பெற்றவர்களுக்கே உரியது. இன்னொரு சிக்கலும் உண்டு. வாக்கிய பஞ்சாங்கத்தின்படி அதே மாதத்தில் சனி மகரத்தை விட்டு நீங்கவில்லை. வாக்கியத்தில் கணித்தால் அப்பெண்ணுக்குச் சனி ஏழில். திருக்கணிதத்தில் கணித்தால் எட்டில். ஒரு பெண்ணின் தோசம் அவள் தந்தை வாங்கும் பஞ்சாங்கத்தைப் பொறுத்தும் அமைகின்றது.

இவ்விதிகள் யாருடைய குடும்பத்தை மனத்திற்கொண்டு எழுந்தன? மணமானதும் பெண் கணவன் வீடு சென்று, அவனது சொத்தை அண்டி வாழும் தந்தைவழிக் குடும்பத்தையே. அங்கு கணவனின் சாவு பெண்ணின் பொருளாதாரச் சாவுமாகும். மட்டக்களப்பிலோ நிலைமை வேறு. இங்கு குடி தாய்வழியே வருகின்றது. மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகின்றன. மணமகனே பெண்வீட்டுக்கு வருகின்றான். 1876இல் பிறிற்றோ தொகுத்து வெளியிட்ட முக்குவர் சட்டத்தின்படி, ஆணின் முதுசச் சொத்து மனைவி மக்களுக்கன்றிச் சகோதரியின் மக்களுக்கே சென்றது. அதே 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அவ்வழக்கின் சட்டவலுவை அகற்றிவிட்டது. ஆயினும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழமை நிலைத்தது.

இப்பின்னணியில் எட்டாமிடத்தின் மற்றொரு பொருள் துலங்குகின்றது. ஏழு துணையாயின், ஏழுக்கு இரண்டாகிய எட்டு துணையின் தனமாகும். மரபுரிமையாகவும் பிறர் வழியாகவும் வரும் பொருள் எட்டில் பார்க்கப்படுவது இதனாலேயே. மட்டக்களப்பில் துணையின் தனத்தில் குடியிருப்பவன் ஆண். கைம்மையுற்றாலும் பெண்ணுக்குத் தன் தாய் தந்த வீடு உண்டு. மனைவியை இழந்தவனுக்கே நிற்கும் இடம் ஐயத்துக்குரியதாகின்றது. சொத்துறவை அளவுகோலாகக் கொள்ளின், இவ்வாவிக்கரையில் எட்டுக்கு அஞ்சவேண்டியவன் அவனே.

ஆயினும் இங்கும் பெண்ணின் சாதகமே உன்னிப்பாகப் பார்க்கப்படுகின்றது. பொருளாதார அடித்தளமும் கருத்தியலும் எப்போதும் ஒரே சீராகப் பொருந்துவதில்லை என்பதற்கு இது தக்க சான்று. மேன்மக்கள் வழக்கெனக் கருதப்பட்ட சாத்திரம், தான் எழுந்த குடும்ப அமைப்பை இங்கு காணாதபோதும் தன் விதிகளை மாற்றிக்கொள்ளவில்லை. சீதனப் பேரத்திலும் அதற்கொரு பயன் உண்டு. ‘எட்டில் தோசம்’ என்பது வீட்டோடு இன்னும் ஒரு துண்டு வயலையும் கேட்பதற்குரிய நாகரிகமான சொல்லாகிவிடுகின்றது. மக்களின் சமயவாழ்வோ முற்றிலும் வேறு குரலில் பேசுகின்றது. வைகாசியில் செட்டிபாளையத்திலும் தம்பிலுவிலிலும் சடங்கு கொண்டாடப்படும் கண்ணகை அம்மன் கணவனை இழந்தவள். மழையும் நோய்நீக்கமும் வேண்டி ஊர் முழுவதும் அவளிடமே செல்கின்றது. அவளை மங்கலமற்றவள் என்று ஒதுக்கும் துணிவு எந்தச் சோதிடருக்கும் வந்ததில்லை.

2009இல் முடிவுற்ற போரும் 2004 டிசெம்பர் 26ஆம் திகதிய கடற்கோளும் இக்கரையில் பெருந்தொகையான பெண்களைக் கைம்பெண்களாக்கின. குண்டு வீழ்ந்ததும் அலை எழுந்ததும் எவருடைய எட்டாமிடத்தையும் பார்த்தன்று. அவர்களுக்கு நேர்ந்த அடுத்த இழப்பும் கோள்களால் வந்ததன்று. கடற்கோளின் பின்னர் எழுந்த வீடமைப்புத் திட்டங்களிலே ‘குடும்பத் தலைவர்’ என்ற நிருவாகக் கருத்து உறுதிகளில் ஆணின் பெயருக்கே முதன்மை தந்தது. தாய்வழியாக வந்த வீட்டை அலை கொண்டுசென்றது. அதற்கு ஈடாகக் கட்டப்பட்ட வீடு கணவன் பெயரில் வந்தது. கைம்மை வந்தாலும் வீடு தனதே என்றிருந்த பெண், இப்பொழுதுதான் வராகமிகிரர் கண்ட குடும்பத்துக்குள் முதன்முறையாகக் குடிபுகுந்தாள்.