கறுக்காத நகையும் அரிக்காத நகையும்

கவரிங் நகைக்கு மாற்றாக இப்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நகைகள் ஏராளமாக விற்கின்றன. 'கறுக்காது, சென்சிட்டிவ் தோலுக்கும் ஒத்துக்கொள்ளும்' என்று இரண்டு உறுதிகளை ஒரே மூச்சில் சொல்லித்தான் விற்கிறார்கள். இவை இரண்டும் வெவ்வேறு உறுதிகள். ஒன்று உலோகத்தின் நிறத்தைப் பற்றியது, மற்றொன்று உலோகத்திலிருந்து தோலுக்குள் என்ன கசிகிறது என்பதைப் பற்றியது. முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருக்கும் என்று நம்பி வாங்குகிறவர்களுக்குத்தான் காது மறுபடியும் புண்ணாகிறது.

கவரிங்கிலிருந்து தொடங்குவோம். உள்ளே இருப்பது பெரும்பாலும் பித்தளை அல்லது செம்பு. அதன்மேல் பல பட்டறைகளில் ஒரு நிக்கல் பூச்சு போடுகிறார்கள். செம்பு மேலேறித் தங்கத்தின் நிறத்தைக் கெடுக்காமல் அது தடுக்கும், பளபளப்பும் கொடுக்கும். கடைசியாகத் தங்கமுலாம். மலிவான நகைகளில் இந்த முலாம் ஒரு மைக்ரானைக்கூட எட்டுவதில்லை. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு மெல்லியது என்று புரியும். காதுத் துளைக்குள் போகும் தண்டில் இது முதலில் தேயும். பிறகு வியர்வையின் உப்பு அடியிலுள்ள நிக்கலைக் கரைத்துத் தோலுக்குள் அனுப்பும்.

கழுத்திலோ விரலிலோ பச்சையாகப் படிவது ஒவ்வாமை அல்ல, அது செம்பின் உப்பு. சோப்புப் போட்டால் போய்விடும். நிக்கல் ஒவ்வாமையின் நடத்தை வேறு. நகை அணிந்த அன்று ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பு, சிவப்பு, சிறு கொப்புளம், நீர்வடிதல் என்று வரும். இந்தத் தாமதத்தால்தான் பலர் நகையை விட்டுவிட்டு ஷாம்பூவையும் வெயிலையும் சந்தேகிக்கிறார்கள். உடம்பு ஒருமுறை நிக்கலை எதிரியாகப் பார்க்கப் பழகிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் மறக்காது. தோல் மருத்துவர்கள் நிக்கல் சல்பேட் கலந்த களிம்பை முதுகில் 48 மணி நேரம் ஒட்டி வைத்து, எடுத்த பிறகு தோலைப் பார்த்து இதை உறுதி செய்கிறார்கள்.

ஸ்டீல் இங்கே எங்கே நிற்கிறது? நகைக்கும் அறுவைக் கருவிகளுக்கும் பயன்படும் 316எல் என்ற தரத்தில் 10 முதல் 14 சதவீதம் நிக்கல் இருக்கிறது. கேட்டால் அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு கசிகிறது என்பதே முக்கியம். ஸ்டீலில் உள்ள குரோமியம் காற்றுப் பட்டதும் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலமாக மேற்பரப்பை மூடிக்கொள்ளும். கீறினாலும் படலம் தானாக மீண்டும் உருவாகும். 316எல் தரத்தில் சேர்க்கும் மாலிப்டினம் உப்பு அரித்துக் குழி விழுவதைக் குறைக்கிறது. அதனால் நிக்கல் உள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி அளப்பதும் இந்தக் கசிவைத்தான். தோலில் நெடுநேரம் படும் பொருளில் வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம், துளையிட்ட இடத்தில் செருகும் தண்டுகளுக்கு 0.2 மைக்ரோகிராம் என்பது அதன் எல்லை.

ஆனால் 'ஸ்டீல்' என்ற பெயர் ஒரு குடும்பத்தின் பெயர். அதே குடும்பத்தின் 303 தரத்தில், கடைசல் வேலை எளிதாக வேண்டும் என்பதற்காகக் கந்தகம் சேர்த்திருப்பார்கள். அந்தக் கந்தகப் புள்ளிகளில் படலம் உடைந்து நிக்கல் அதிகம் கசியும். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவான 200 வரிசை ஸ்டீல் கடற்கரை ஊர்க் காற்றிலும் வியர்வையிலும் பழுப்புக் கறை பிடிக்கும். தரத்தின் எண்ணைச் சொல்லாத விற்பனையாளரிடம் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதே.

எனக்கு மிகப் பெரிய குறையாகத் தெரிவது பொன்னிற ஸ்டீல். ஒரு கல்லூரி மாணவி கவரிங் ஜிமிக்கியால் புண்பட்டு, பொன்னிற ஸ்டீல் தோடுக்கு மாறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சில மாதம் நிம்மதி. பிறகு அதே அரிப்பு. ஸ்டீல் ஏமாற்றவில்லை, அதன்மேல் போட்ட பூச்சுதான் காரணமாக இருக்கலாம். எந்தப் படலம் ஸ்டீலைக் காக்கிறதோ அதே படலம் தங்கமுலாமை ஒட்டவிடாது. அதனால் முலாம் பூசுகிறவர்கள் அமிலக் கரைசலில் முதலில் ஒரு மெல்லிய நிக்கல் பூச்சைப் பிடிக்கவைத்து, அதன்மேல் தங்கம் பூசுவது வழக்கமான முறைகளில் ஒன்று. அப்படிச் செய்த தோடு, தோலைப் பொறுத்தவரை, பழைய கவரிங்கேதான். பி.வி.டி. எனப்படும் வெற்றிட ஆவிப் பூச்சுக்கு அந்த நிக்கல் அடித்தளம் தேவையில்லை. அந்தப் பொன்னிறம் பலவற்றில் டைட்டானியம் நைட்ரைடு தருவது, கடினமும் அதிகம். இரண்டும் கடைக்கண்ணாடிக்குள் ஒன்றுபோலவே மின்னும்.

வீட்டில் சோதிக்க ஒரு வழி உண்டு. டைமெத்தில்கிளையாக்சைம், அம்மோனியா கரைசல்களை ஒரு பஞ்சுக் குச்சியில் விட்டு, தண்டை அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் கசிகிற இடத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். முலாம் தேயாத புது நகையில் நிறம் வராமல் போகலாம். அதனால் சில மாதம் அணிந்த நகையில், தண்டிலும் திருகாணியிலும் தனித்தனியே தேய்த்துப் பார்க்க வேண்டும். காந்தச் சோதனை இதற்கு உதவாது. காந்தம் ஒட்டாத 316எல்லில்தான் நிக்கல் இருக்கிறது, ஒட்டுகிற 430 தரத்தில் அநேகமாக இல்லை.

டைட்டானியத்தில் இந்தக் கவலைகள் பெரும்பாலும் இல்லை. தூய டைட்டானியத்திலும், உடலுக்குள் பொருத்தும் கருவிகளுக்கான ஏ.எஸ்.டி.எம். எஃப்136 தரத்திலும் நிக்கல் சேர்ப்பதில்லை. எஃப்136இல் அலுமினியமும் வனேடியமும் கலந்திருக்கும். எடையும் ஸ்டீலின் எடையில் பாதிக்குச் சற்று அதிகம்தான். துளையிட்டு ஆறாத காதுக்கும், நிக்கல் ஒவ்வாமை உறுதியானவருக்கும் ஸ்டீலைவிட இதையே சொல்வேன்.

இதன் குறை அழகில் இருக்கிறது. ஆசாரி ஊதுகுழலால் பற்றவைக்கும் உலோகமல்ல இது. காற்றுப் படாமல், ஆர்கான் வாயுவின் பாதுகாப்பிலோ லேசராலோதான் இணைக்க முடியும். மணியும் சங்கிலியும் அடுக்கிய ஜிமிக்கியை இதில் செய்வது மிகக் கடினம். கடைகளில் கிடைப்பது உருண்டையும் வட்டமும் ஒற்றைக் கல்லும்தான். அவற்றில் காணும் நீலமும் ஊதாவும் மின்சாரத்தால் படலத்தைத் தடிமனாக்கி வரவழைத்த நிறங்கள், சாயமல்ல. உரசினால் அவை மங்கும். மோதிரமாகப் போட்டால் பின்னாளில் அளவு மாற்றுவதும் அரிது.

கவரிங்கின் வலிமை இங்கேதான் புலப்படுகிறது. சிதம்பரம் கவரிங்கில் கிடைக்கும் வேலைப்பாட்டை இந்த இரு உலோகங்களும் இன்று தரவில்லை. மங்கினால் மறுபடி முலாம் பூசிக்கொள்ளலாம், விலையும் கைக்கு அடக்கம். ஒரு மாலை மண்டபத்துக்குப் போட்டுவந்து, துடைத்துக் கழற்றி வைக்கும் கழுத்தணியாக அதை யாரும் ஒதுக்கத் தேவையில்லை, ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்களைத் தவிர. நாளெல்லாம் உடம்பில் இருக்கும் தாலிச்செயினுக்கும் மூக்குத்திக்கும் காதுத் தண்டுக்கும் அது ஏற்றதல்ல.

கவரிங் செய்கிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. முகப்பு பித்தளையாகவே இருக்கட்டும். தோலுக்குள் போகும் தண்டையும் திருகாணியையும் மட்டும் டைட்டானியத்தில் தனியாகக் கடைந்து, பற்றவைக்காமல் மரையாலோ இறுக்கியோ முகப்போடு பொருத்துங்கள். பொட்டலத்தின் மேல் உலோகத்தின் தர எண்ணையும், பூச்சு முலாமா பி.வி.டி.யா என்பதையும் அச்சிடுங்கள்.