பல்லி முட்டை ஒட்டிய பக்கம்

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பழைய எண்ணெய் ஓவியம் தொங்குகிறது. மழைமேகம், ஓர் ஆறு, மூங்கில் புதர். வரைந்த கை பெரிய கையில்லை. கையொப்பமும் கிடையாது. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபின் யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் துரை பங்களா ஒன்றின் சாமான்களை விற்றபோது, ஒரு சுவர் மணிக்கூட்டோடு சேர்த்து அப்பா இதையும் தூக்கி வந்தார். மணிக்கூடு எப்போதோ நின்றுபோனது. படத்தை மட்டும் நான் அவ்வப்போது இறக்கித் திருப்பிப் பார்ப்பேன்.

முன்பக்கம் சுமார்தான். பின்பக்கம் அழகு. கித்தான் நன்றாகக் காய்ந்த வாழைச்சருகு நிறத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. கித்தானை இழுத்துப் பிடிக்கும் உட்சட்டத்தை மெல்ல நெம்பி எட்டிப் பார்த்தால், மரத்தின் நிழலில் இருந்த துணி இன்னும் வெளிர். காற்றும் புகையும் படாத இடம் அது. ஓரத்துச் சிற்றாணி ஒவ்வொன்றைச் சுற்றியும் துரு கசிந்து துணியில் ஒரு வளையம் போட்டிருக்கிறது. கீழ்ச்சட்டத்தின் மேல்முகத்தில் மட்டும் தூசி ஒரு விரற்கடை படிந்து, துணிக்கும் மரத்துக்கும் நடுவே இறங்கி, முன்பக்கத்தில் மெல்லிய புடைப்பாகத் தெரிகிறது. நான்கு மூலைகளிலும் இரண்டிரண்டாக எட்டு ஆப்புகள் இருக்க வேண்டும், ஆறுதான் மிச்சம். ஒரு மூலையில் உடைந்த பல்லி முட்டை ஓடுகள், பக்கத்தில் குளவி கட்டி விட்டுப்போன மண்கூடு. மழைநாட்டில் எழுபது வருடம் தொங்கிய ஒரு பொருள் இப்படித்தான் இருக்கும்.

டொரொன்டோவில் இருக்கிற மருமகன் போன மாதம் ஏழு புகைப்படங்கள் அனுப்பினான். "மாமா, ஜோர்ஜ் கெய்ட் படமாம். கேகாலைத் தோட்ட பங்களாவில இருந்ததாம். பாத்து சொல்லுங்க" என்றான். இரு பெண்கள், வளைந்த கண்கள், மேல் இடது மூலையில் கெய்டின் பெயரும் 47 என்ற ஆண்டும். 1943இல் கொழும்பில் கூடிய '43 குழுவின் முக்கியமான ஓவியர் கெய்ட். விலை ஏறிய பெயர் என்பதால் போலிகளும் ஏறிய பெயர். தோட்ட பங்களா என்ற கதை வேறு வசதி: துரைமார் போய்விட்டார்கள், கேட்பதற்கு ஆளில்லை.

ஏழில் ஐந்து முன்பக்கப் படங்கள். நான் அவனிடம் விற்பவரிடமிருந்து கேட்கச் சொன்னவை இவை: பின்பக்கம் முழுசாக ஒன்று, நான்கு மூலைகளும் தனித்தனியாக, வெளிச்சட்டத்தைக் கழற்றிய பிறகு நான்கு ஓரங்கள், பக்கவாட்டில் டோர்ச் அடித்துக் கையொப்பத்தின் நெருக்கப் படம், அருகே ஒரு நாணயம் வைத்து. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல். நேரே பிளாஷ் போட்டு எடுத்தால் மேடுபள்ளம் எல்லாம் செத்துப்போகும்.

வந்தன, ஒவ்வொன்றாக, நான்கு நாள் இடைவெளியில்.

முதலில் துணி. நல்ல பழுப்பு. கொஞ்சம் அதிகமாகவே நல்ல பழுப்பு. தேயிலையோடு பிறந்து வளர்ந்தவனுக்குச் சாயம் காய்ந்த தடம் தெரியாதா? வயதால் வரும் பழுப்புக்குக் கரை கிடையாது. மெல்ல மெல்ல வரும். ஊற்றிய சாயம் தேங்கிய இடத்தில், காய்ந்த கோப்பையின் அடியில் இருப்பதைப்போல, இருண்ட விளிம்பு விட்டுப் போகும். படத்தின் கீழ்ப்பகுதியில் அப்படி இரண்டு விளிம்புகள். மரத்தையும் துணியையும் ஒன்றாகத் தடவியிருக்கிறார்கள்: சட்டத்தின் மூலைப் பொருத்துக்குள்ளும் அதே நிறம் புகுந்திருந்தது, சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டிய வெளிர் துணி இல்லை.

அடுத்தது சட்டம். இங்கேதான் நான் வெகுநேரம் நின்றேன். இடது நெடுஞ்சட்டத்தின் நடுவில், சாயத்துக்கு அடியில், பற்கள் கோத்ததுபோல ஒரு வளைவுநெளிவுக் கோடு. சிறு துண்டு மரங்களை இயந்திரத்தில் விரல்விரலாக அறுத்துப் பசை போட்டுக் கோக்கும் ஒட்டு அது. மரமும் வெளிறியது, நுண்துளைகள் குட்டைக் கோடுகளாகத் தெரிந்தன. றப்பர் மரம் என்று நினைக்கிறேன். புகைப்படத்தில் அடித்துச் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பால் நின்ற றப்பர் மரம் என்றால் வெகுகாலம் விறகுதான். வெட்டிய சில நாளில் நீலம் பூக்கும், பிறகு வண்டு துளைத்து மாவாக்கும். போரோன் மருந்தில் பதப்படுத்தும் முறை பரவி, 1980களை ஒட்டித்தான் அது தளபாட மரமாகப் பெருமளவில் வந்தது. அந்த மரத்தில், அந்த ஒட்டோடு, 1947இன் சட்டம் இருக்க வழியில்லை.

ஆனால் சட்டம் புதிது என்பதால் படம் போலி ஆகிவிடாது. வண்டரித்த சட்டத்தை எறிந்துவிட்டுப் புதிதில் மாட்டுவது நம் நாட்டில் சர்வசாதாரணம். அப்படி மாட்டியிருந்தால் துணியின் ஓரத்தில் இரண்டு வரிசைத் துளைகள் இருக்கும்: துரு வளையத்தோடு பழைய ஆணித் துளைகள், பக்கத்தில் புதிய பின் துளைகள். அதற்காகத்தான் ஓரப் படம் கேட்டேன். வந்த ஓரத்தில் பளபளக்கும் ஸ்டேப்ளர் பின்கள், அவற்றின் துளைகள், வேறொன்றுமில்லை. அந்தத் துணி வேறு எந்தச் சட்டத்திலும் ஒருநாளும் ஏறியதில்லை.

கையொப்பத்தை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். மற்ற எல்லாரும் முதலில் பார்ப்பது அதுதான் என்பதால், ஏமாற்றுபவனும் அதிகம் உழைப்பது அங்கேதான். டோர்ச் வெளிச்சத்தில் ஆங்கில 'கே' எழுத்தின் காலைப் பெரிதாக்கினேன். பெண்ணின் தோளருகே ஓவியப் பூச்சில் நுண்வெடிப்புகள். கருவண்ணம் அவற்றுக்குள் இறங்கி, எழுத்தின் பக்கத்தில் மயிர் முளைத்தாற்போல நின்றது. வெடித்த பிறகு எழுதியிருக்கிறார்கள். இதிலும் ஒரு ஓட்டை உண்டு: கெய்ட் 1993 வரை வாழ்ந்தவர், பழைய படத்தில் பிற்பாடு ஒப்பமிட்டிருக்கலாம். அதனால் கோட்டின் ஓட்டத்தைப் பார்த்தேன். கெய்டே கோட்டால் வாழ்ந்த ஓவியர்; ஒரு முழங்கை நீளத்தை மூச்சுவிடாமல் இழுக்கிற கை அது. இங்கே எழுத்துகள் தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒரே தடிப்பு, நடுவில் சிறு நடுக்கம். பார்த்து வரைந்த எழுத்து, எழுதிய எழுத்தல்ல.

பின்பக்கம் எல்லாம் சரியாக இருந்தாலும் போதாது என்பதற்கு ஜெர்மனியின் போலி ஓவியர் வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி சாட்சி. அவர் பழைய படங்களை வாங்கி, வண்ணத்தைச் சுரண்டிவிட்டு அதே கித்தானில் வரைந்தார். துணியும் மரமும் அசல் பழசு. ஓவியர் கம்பெண்டொங்க் பெயரில் 1914 என்று காட்டிய ஒரு குதிரைப் படம் 2006இல் கொலோன் ஏலத்தில் 28 இலட்சம் யூரோவைத் தாண்டியது. பின்பக்கத்தில் ஃப்ளெக்டைம் என்ற பழைய கலை வணிகரின் முகம் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு. அவர் அப்படியொரு சீட்டைப் பயன்படுத்தியதே இல்லை. வண்ணத்தில் இருந்த டைட்டானியம் வெள்ளை 1914இல் ஓவியர் கைக்கு வந்திராத ஒன்று. அதைச் சொன்னது ஆய்வுகூடம். எந்தக் கைபேசிப் படமும் சொல்லியிருக்காது. புகைப்படத்தை வைத்து 'வேண்டாம்' என்று சொல்ல என்னால் முடியும். 'வாங்கு' என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மருமகனிடம் வேண்டாம் என்றேன். அவன் விற்பவரிடம் ஒட்டு மரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறான். "பழைய சட்டம் கறையான் தின்னுருச்சு, இப்பதான் மாத்துனோம்" என்று பதில். பழைய ஆணித் துளை எங்கே என்று கேட்டதற்கு, இரண்டு நீல டிக் விழுந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.